ஆய்வுக் கட்டுரையைப் பத்து நிமிடத்தில் தமிழில் சொன்ன அனுபவம்

வந்தாறுமூலை மாணவி:
கல்வி உளவியல் செமினாரில் எனக்கு வந்தது ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் எழுதிய கட்டுரை. படித்ததைத் திரும்பத் திரும்ப வாசிப்பதா, பார்க்காமல் எழுதிப் பார்ப்பதா, எது மனதில் நிற்கும் என்பதுதான் விசயம். அதில் இரண்டு பரிசோதனைகள். இரண்டையும் தொட்டால் எதுவும் விளங்காது என்று முதலாவதை விட்டுவிட்டேன். முன்னாய்வுகளும் புள்ளிவிபரச் சோதனைகளும் அதோடு போயின.

இரண்டாவதில் மூன்று குழுக்கள். நடுக்குழுவையும் விட்டு, 'வாசித்தவர்கள்', 'எழுதியவர்கள்' என்று இரண்டு குழுக்களை மட்டும் வைத்துக்கொண்டேன். எல்லோருக்கும் அடுத்தடுத்து நான்கு பொழுதுகள். வாசித்தவர்கள் நான்கிலும் பத்தியை வாசித்தார்கள். எழுதியவர்கள் ஒன்றில் வாசித்து, மற்ற மூன்றிலும் நினைவுக்கு வந்ததை எழுதினார்கள்.

ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் வாசித்தவர்களுக்கு 83 வீதம் நினைவிருக்கிறது, எழுதியவர்களுக்கு 71. அந்த ஸ்லைட்டில் நிறுத்தி, ஒரு வாரத்துக்குப் பிறகு யார் முன்னுக்கு என்று கை தூக்கச் சொன்னேன். பலர் வாசித்தவர்களுக்கே தூக்கினார்கள். அப்புறம்தான் அடுத்த ஸ்லைட்: 40, 61. பத்து நிமிடத்தில் பாதியை இந்த இரண்டு ஸ்லைட்டுக்கே கொடுத்தேன்.

கல்முனை ஆசிரியர்:
நல்லது தங்கச்சி. நான் சொல்லிவருவதும் இதுதான். தினமும் டெஸ்ட் வைத்துப் புள்ளி போட்டால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

மட்டக்களப்பு, ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:
தம்பி, பாதி சரி. அங்கே புள்ளியும் போடவில்லை, சரியான விடையும் காட்டவில்லை. வெறும் தாளில் ஞாபகம் வந்ததை எழுதவிட்டார்கள், அவ்வளவுதான்.

மகள், நீங்கள் விட்ட ஒன்றை நான் விட்டிருக்க மாட்டேன். வாசித்தவர்கள் பத்தியைச் சராசரியாக 14.2 தரம் வாசித்தார்கள், எழுதியவர்கள் 3.4 தரம். இதைச் சொல்லாவிட்டால், 'வாசித்தவர்கள் ஒழுங்காக வாசித்திருக்க மாட்டார்கள்' என்று யாராவது எழும்பிச் சொல்லுவார். நடுக்குழுவும் வேண்டும். மூன்று பொழுது வாசித்து ஒரேயொரு தரம் எழுதியவர்கள்கூட ஒரு வாரத்தில் 56 எடுத்தார்கள். வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்கு அதுதான் கையில் பிடிக்கக்கூடிய செய்தி.

வந்தாறுமூலை மாணவி:
14.2ஐ அடுத்த முறை கட்டாயம் சேர்க்கிறேன், சேர். நடுக்குழுவில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. வரைபடத்தில் மூன்றாவது கோடு வந்தவுடனே கேட்பவர்கள் 'இது எந்தக் குழு' என்று தேடத் தொடங்குகிறார்கள். ஒத்திகையில் தோழிகள் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டிப் போவது அப்போது கண்ணில் படுவதில்லை.

அக்கரைப்பற்று தாய்:
என் மகள் சாதாரண தரம் எழுதப் போகிறாள், கணிதம்தான் பிரச்சினை. இப்படிப் பார்க்காமல் எழுத விடலாமா?

வந்தாறுமூலை மாணவி:
அக்கா, இந்தக் கட்டுரையில் இருப்பவை சூரியனையும் கடல் நீர்நாயையும் பற்றிய உரைநடைப் பத்திகள். கணக்குச் செய்வதைப் பற்றி இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. செமினாரிலும் இதே கேள்வி வந்தது. அதற்கென்று கடைசியில் ஒரு ஸ்லைட் ஒதுக்கி வைத்திருந்தேன்.

மட்டக்களப்பு, ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:
அந்த ஸ்லைட் சரி. ஆனால் அதைக் கேள்வி வரும்வரை வைத்திருக்காமல், 61க்கு அடுத்ததாகவே போடுங்கள்.