அரபு முகப்புக் கடிதத்தில் S தரம்: உதவி தேவை

அஸ்ஸலாமு அலைக்கும். இடம் காத்தான்குடி. பாடசாலை தந்த தமிழ் உயர்தரப் பெறுபேற்றுத் தாளைப் போனில் படமெடுத்து அனுப்பி, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் அரபாக்கம் எடுத்தேன். அடுத்த கிழமை அரபு நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும்.

ஒரு பாடத்தில் S, அதாவது சாதாரண சித்தி. அதை ‘ளஈஃப்’ என்று போட்டிருக்கிறார். அரபுத் தரவரிசை மும்தாஸ், ஜய்யித் ஜித்தன், ஜய்யித், மக்பூல் என இறங்கும். ளஈஃப் அதற்கும் கீழே, பெரும்பாலும் தோல்வி. S என்றால் சித்தி, ‘மக்பூல்’தான் பொருந்தும்.

படத்தில் அந்த வரிசையில் நிழல் விழுந்திருந்தது. வெளிச்சத்தில் திரும்ப எடுத்து அனுப்பினேன். முத்திரை வைத்ததை மாற்ற முடியாது, புதிதாகத்தான் செய்ய வேண்டும் என்கிறார். இப்போதைக்கு, பல்கலைக்கழகத்தின் அனுமதி, பதிவுப் பிரிவான இமாததுல் கபூல் வத்தஸ்ஜீலுக்கு எழுதும் கடிதத்தில், “S என்பது சித்தி, F மட்டுமே தோல்வி” என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

இந்த வரியோடு அனுப்பினால் ஏற்பார்களா, மொழிபெயர்ப்பையே புதிதாக எடுக்க வேண்டுமா?