பாலி டிரைவருக்கு மின்னஞ்சல்: பார்த்துச் சொல்லுங்கள்

பாலி போகிறோம். விமானம் டென்பசாரில் இறங்குவது நள்ளிரவு தாண்டி 12.40-க்கு. '14-ஆம் தேதி இரவு' என்று எழுதினால் டிரைவர் ஒரு நாள் தள்ளி வந்து நிற்பார். அதனால் இப்படி எழுதியிருக்கிறேன்:

"வணக்கம். 14, செவ்வாய் அதிகாலை 00.40, பாலி நேரம். திங்கள் இரவு கழிந்ததும் வரும் அதிகாலை. விமான எண் கீழே. சர்வதேச வருகை வாசலில் என் பெயர்ப் பலகையுடன் நில்லுங்கள். பெரியவர்கள் ஐந்து பேர், பெரிய பெட்டி நான்கு. உபுத் விடுதி முகவரி இணைத்துள்ளேன். என் வாட்ஸ்அப் எண் +91 உடன் கீழே."

ஏழு சீட் வண்டி என்கிறார். பின் சீட்டில் ஆள் உட்கார்ந்தால் பெட்டிக்கு இடம் இருக்காதே, பெரிய வண்டி கேட்கலாமா? அப்புறம், விசா, குடியேற்ற வரிசையில் தாமதமானால் எவ்வளவு நேரம் காத்திருப்பார் என்பதையும் இதிலேயே கேட்டுவிடலாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்.