பொருத்தா, பொருந்தலா? விண்டோஸ் பயிற்சித் தாளுக்குச் சொல் வேண்டும்

மலர்விழி எழுதியது:

வணக்கம். வியாழன் காலை ஒரு வகுப்பு எடுக்கிறேன், புதன் இரவுக்குள் பயிற்சித் தாள் அச்சுக்குப் போக வேண்டும். பயிற்சி இதுதான்: விண்டோஸ் 11-இல் எழுதும் ஆவணம் இடப்பக்கம் அகலமாக, அகராதி வலப்பக்கம் ஒடுங்கலாக நிற்க வேண்டும். Win + Z அழுத்தினால் மேலே சின்னச் சின்னக் கட்டங்கள் வரும், அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். அப்புறம் Win + Ctrl + D அழுத்தி இன்னொரு மேசையைத் திறக்க வேண்டும். Win + Tab அழுத்தி, அஞ்சலையும் அரட்டையையும் அந்த மேசைக்கு இழுத்து விட்டால், எழுதும் இடத்தில் எழுத்து மட்டும் இருக்கும்.

Snap layouts, virtual desktops இரண்டுக்கும் சொல் வேண்டும். இப்போதைக்கு "ஒட்டு அமைப்பு", "மெய்நிகர் மேசை" என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிதானா?

கதிர் எழுதியது:

அக்கா, "ஒட்டு" வேண்டவே வேண்டாம். Ctrl + V-க்கு அந்தச் சொல் போய்ப் பல காலம் ஆகிறது. முன்பு ஒரு கையேட்டில் நானே இரண்டுக்கும் "ஒட்டு" போட்டு மாட்டிக்கொண்டேன். "சாளரத்தை வலது ஓரத்தில் ஒட்டுக" என்று எழுதியதைப் படித்தவர், எதை நகலெடுத்து ஒட்டுவது என்று கேட்டார். "அமைப்பு" என்பதும் Settings-க்குப் போய்விட்டது. "பொருத்து" என்று வையுங்கள். கட்டங்களின் வரிசைக்குத் "தளவமைப்பு" இருக்கிறது. ஆகப் பொருத்துத் தளவமைப்பு.

சிவஞானம் எழுதியது:

தம்பி சொல்வதில் பாதி சரி. பொருத்து பிறவினை, பொருந்து தன்வினை. ஓரத்துக்கு இழுத்துப் போவது நம் கை. ஆனால் பாதித் திரைக்குத் தானாக விரிந்து நிற்பது சாளரம். அதனால் "பொருந்து தளவமைப்பு" என்பதே முறை. வினைத்தொகை என்பதால் வல்லினமும் மிகாது, ஊறுகாய் போல. கதிர் எழுதிய "பொருத்துத் தளவமைப்பு" நிற்க வேண்டுமானால் பொருத்து என்பதை மூட்டு என்ற பொருளில் பெயராகக் கொள்ள வேண்டும். அப்போது வன்தொடர்க் குற்றியலுகரம், ஒற்று மிகும். எதைக் கருதி எழுதினார் என்று அவர் சொல்லட்டும்.

இன்னொன்று. சாளரம் என்ற சொல்லை எல்லாரும் தமிழ் என்றே நினைக்கிறோம். அது "ஜாலம்" என்ற வடசொல் வழி வந்தது என்பார்கள். சிலப்பதிகாரத்திலேயே "காலதர்" இருக்கிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. இத்தனை அழகான சொல்லை விட்டுவிட்டோம்.

செந்தாமரை எழுதியது:

ஐயா, காலதர் எனக்கும் பிடிக்கும். ஆனால் வியாழக்கிழமை வகுப்பில் இருப்பவருக்கு அதை விளக்கவே பத்து நிமிடம் போய்விடும். சாளரம் இருக்கட்டும்.

பாபு எழுதியது:

என்னிடம் இரண்டு திரைகள் இருக்கின்றன. ஒன்றை இடமாகவும் ஒன்றை வலமாகவும் வைத்துப் பல காலமாக வேலை செய்கிறேன், இதற்குப் புதுச் சொல் எதற்கு? அப்புறம், இரண்டாவது மேசை என்பது தனிக் கணினி போலத்தானே? அங்கே வைத்த கோப்பு இங்கே வராது. அதனால் "மெய்நிகர் கணினி" என்பதே பொருத்தம்.

செந்தாமரை எழுதியது:

பாபு, மலர்விழி கேட்டது ஒரே திரையைப் பற்றி. கோப்பு விஷயத்திலும் நீங்கள் சொல்வது சரியில்லை. இரண்டாவது மேசைக்குப் போய், அங்கே ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கிப் பாருங்கள். Win + Ctrl + இடது அம்பு அழுத்தித் திரும்பினால் அதே கோப்பு முதல் மேசையிலும் இருக்கும். கோப்புகள், சின்னங்கள், நகலெடுத்து வைத்தது எல்லாம் பொது. பிரிவது திறந்திருக்கும் சாளரங்கள் மட்டும்தான். பின்னணிப் படம் வேண்டுமானால் மேசைக்கு ஒன்றாக வைக்கலாம். அஞ்சலை இரண்டாம் மேசையில் போட்டாலும் அதன் அறிவிப்பு முதல் மேசையிலும் எட்டிப் பார்க்கும், அதைத் தனியாக அடக்க வேண்டும்.

ஆகவே கணினி என்பது நிச்சயமாகத் தவறு. மேசை என்பதும் எனக்கு முழுதாகப் பிடிக்கவில்லை. "பணிக்களம்" என்று சொல்லலாமே? ஏர்க்களம், போர்க்களம் எல்லாமே ஒரு வேலை நடக்கும் நேரத்துக்கு மட்டும் களம். நெல் அடித்து முடித்தால் அது வெறும் நிலம். இங்கும் அப்படித்தான், Win + Ctrl + F4 அழுத்தினால் களம் கலைகிறது. அதில் இருந்த சாளரங்கள் மூடாமல் பக்கத்து மேசைக்குப் போகின்றன.

மலர்விழி எழுதியது:

பணிக்களம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வகுப்புக் கணினிகளின் திரையில் "Desktop 1", "Desktop 2" என்றுதான் இருக்கிறது. "virtual" என்ற சொல்லையே அங்கே காணோம். யோசித்தால், முதல் மேசையும் இரண்டாவது மேசையும் ஒரே மாதிரிதான், ஒன்று மெய், ஒன்று மெய்நிகர் என்று எப்படிச் சொல்வது? "மேசை 1, மேசை 2" என்று விட்டுவிடலாமா?

இன்று மாலை வகுப்பறைக் கணினிகளில் பயிற்சியைச் செய்து பார்த்தேன், இரண்டு சிக்கல்கள். தாளில் "ஆறு தளவமைப்புகள் தோன்றும்" என்று எழுதியிருந்தேன். சிலவற்றில் நான்குதான் வந்தன, மூன்று பத்தியாகப் பிரிப்பவை வரவே இல்லை. இரண்டாவது, ஒரு மடிக்கணினியில் அகராதி ஒடுங்கிய கட்டத்துக்குள் அடங்காமல் ஆவணத்தின் மேல் ஏறி நின்றது.

கதிர் எழுதியது:

அக்கா, System > Display போய் Scale எவ்வளவு என்று பாருங்கள். திரை 1920 × 1080 ஆக இருந்தும் அது 150% என்றால், விண்டோஸ் கணக்கில் அகலம் 1280 தான். மூன்று பத்திகள் கிடைக்க அந்தக் கணக்கில் 1920 வேண்டும். 125% ஆக்கினாலும் 1536 தான் வரும், போதாது. "திரைக்கேற்ப நான்கோ ஆறோ" என்று எழுதுங்கள்.

அகராதி ஏறி நின்றதற்கும் காரணம் அதுதான். ஒவ்வொரு செயலிக்கும் இதற்குக் கீழே சுருங்க மாட்டேன் என்று ஓர் அகலம் இருக்கும். 1280-இல் ஒடுங்கிய கட்டத்துக்குக் குறைவாகத்தான் மிஞ்சும். அந்த அகராதிக்கு அது போதவில்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள கோட்டைப் பிடித்து இடப்பக்கம் இழுத்தால் ஆவணம் ஒடுங்கி அகராதிக்கு இடம் விடும். இல்லையென்றால் பாதிக்குப் பாதியாக வையுங்கள்.

ஐயா, உங்கள் கேள்விக்கும் பதில் இதிலேயே கிடைக்கிறது. நான் பொருத்தினேன், அது பொருந்தவில்லை. விசையை அழுத்துவது பயனர், சாளரம் மறுக்கவும் செய்யலாம். அதனால் கட்டளைக்குப் பிறவினை வேண்டும்.

சிவஞானம் எழுதியது:

தம்பி, நல்ல எடுத்துக்காட்டு, ஒத்துக்கொள்கிறேன். பொருத்து என்றே இருக்கட்டும். ஆனால் பொருத்துவது நாம், பொருந்துவது அது என்ற வேறுபாட்டைத் தாளில் ஒரு வரியாவது சொல்லுங்கள். சாளரம் அடங்காதபோது "பொருந்தவில்லை" என்று எழுதினால் படிப்பவருக்கே விளங்கும். "பொருத்துத் தளவமைப்பு" என்று ஒற்றோடு எழுதுவதாக இருந்தால் சேர்ந்து நிற்கும் சாளரங்களையும் "பொருத்துக் குழு" என்றே எழுத வேண்டும். ஓரிடத்தில் பெயர், ஓரிடத்தில் வினை என்று கலக்கக் கூடாது.

மலர்விழி எழுதியது:

தாள் அச்சுக்குப் போய்விட்டது. பொருத்துத் தளவமைப்பு, பொருத்துக் குழு, மேசை 1, மேசை 2. "பொருந்தவில்லை என்றால் நடுக்கோட்டை இழுக்கவும்" என்ற வரியும் சேர்ந்துவிட்டது. கணினியை அணைத்துப் போட்டால் மேசைகளும் அவற்றுக்கு வைத்த பெயர்களும் இருக்கும், பொருத்துக் குழு கலைந்துவிடும் என்றும் எழுதியிருக்கிறேன். எல்லாருக்கும் நன்றி.

செந்தாமரை எழுதியது:

மேசை 2 என்று அச்சிட்டதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. கோப்புகள் பரப்பியிருக்கும் இடத்துக்கும் மேசை, சாளரங்களைப் பிரித்து வைக்கும் இடத்துக்கும் மேசை என்றால், பாபுவுக்கு வந்த அதே குழப்பம் வகுப்பிலும் வரும். யாராவது "என் கோப்பு மேசை 2-இல் இருக்கிறது" என்று சொன்னால் எனக்கு எழுதுங்கள். அடுத்த பதிப்பில் பணிக்களத்தைப் பற்றி மறுபடி பேசலாம்.