சேருவதற்கு முன் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவை எப்படி உறுதி செய்வது?

கோவையில் ஒரு சிறிய உதிரிபாகக் கம்பெனியில் கணக்காளராக வரும் திங்கட்கிழமை சேர வேண்டும். சம்பளம் 18,000, அடிப்படை 12,000. ஆஃபர் லெட்டரில் பி.எஃப்.க்கு 1,440, இ.எஸ்.ஐ.க்கு 135 பிடித்தம் என்று போட்டிருக்கிறார்கள். கணக்கு சரிதான், ஆனால் கம்பெனியின் பதிவு எண் எதுவும் அதில் இல்லை.

பி.எஃப். தளத்தின் Establishment Search-இல் பெயரைப் போட்டுத் தேடினேன். கம்பெனி பதிவாகியிருக்கிறது, மாதாமாதம் பணமும் கட்டியிருக்கிறார்கள். ஆனால் கடைசி மாதத்தில் 6 பேருக்கு மட்டும்தான். நேர்காணலுக்குப் போன அன்று பட்டறையிலேயே 25 பேரை எண்ணினேன். அடிப்படைச் சம்பளம் 15,000-ஐத் தாண்டியவர்களைச் சேர்க்காமல் விட்டிருக்கலாம். ஆனால் லேத் ஓட்டும் பையன்களுக்கெல்லாம் அவ்வளவு இருக்குமா?

இ.எஸ்.ஐ.யின் 17 இலக்க எண்ணை மேலாளரிடம் இருமுறை கேட்டேன். "சேர்ந்தப்புறம் தர்றோம்" என்றார். அம்மாவின் சிகிச்சைக்கு அந்த அட்டையைத்தான் நம்பியிருக்கிறேன்.

என்னையும் அந்தக் கணக்கில் சேர்ப்பார்கள் என்று உறுதிப்படுத்திக்கொள்ள, சேருவதற்கு முன்பே எந்த ஆவணத்தைக் கேட்டு வாங்க வேண்டும்?