புதுப்பிப்பு: திருவிழா வாரத்துக்குப் பின் ஊழியர்களுக்கு நன்றிக் குறிப்பு

கேட்டிருந்தது: "திருவிழா வாரம் முடிஞ்சு எல்லாரும் ஓஞ்சு போயிருக்காங்க. ஹோட்டல் ஊழியர்கள் எல்லாருக்கும் பொதுவா ஒரு நன்றிக் குறிப்பு எப்படி எழுதறது?"

பதில் சொன்னவர்களுக்கு நன்றி. எடுபட்டது, சமையலறை மேற்பார்வையாளர் ஒருவர் சொன்ன வழிதான்: பாராட்டைக் குறைத்து, ஒவ்வொரு பிரிவும் செய்த ஒரு வேலையை அப்படியே எழுதுவது. முதலில் வைத்தது பாத்திரம் கழுவுபவர்களை: "சனிக்கிழமை இரவு அவ்வளவு கூட்டத்திலும் கழுவிய தட்டுக்காக யாரும் காத்து நிற்கவில்லை." பிறகு அடுப்படி, பரிமாறுபவர்கள், கல்லா. பெயர்கள் போடவில்லை, ஒன்று விட்டுப்போனாலும் மனத்தாங்கல்.

"வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதும்" என்றது பாதி சரி. வாரத்துக்கு மட்டும் வந்த தற்காலிக ஆட்கள் குழுவில் இல்லை. அதனால் அச்செடுத்து வருகைப் பதிவேட்டின் பக்கத்தில் ஒட்டி, ஷிப்ட் மாறும்போது வாசித்தும் காட்டினோம். வாடிக்கையாளர்களுக்கான நன்றி வாசகம் அனுப்பியவருக்கு: நல்ல வாசகம், ஆனால் கேட்டது அதுவல்ல.

எதிர்பாராதது: அதிகம் பேசப்பட்டது கடைசி வரிதான். கூடுதல் நேரச் சம்பளம் எந்தத் தேதியில் வரும், மாற்று விடுப்பை யாரிடம் கேட்க வேண்டும் என்று அதில் இருந்தது. டிப்ஸ் பங்கீட்டையும் அதிலேயே எழுதலாமா என்பதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை.