பிறந்தநாளுக்குக் கல்லறை வெள்ளையடிப்பு: காசிமேட்டில் கண்ணில் பட்டது

ராயபுரம் செல்வி

காசிமேடு கல்லறைத் தோட்டத்தில் பார்த்த ஒரு காட்சி மனசை விட்டுப் போகவே இல்லை, அதனால் எழுதுகிறேன். இறந்துபோன அம்மாவின் பிறந்தநாளுக்கு ஒரு குடும்பமே வந்திருந்தது. ரோஜா மாலை, மெழுகுவர்த்தி, சின்னதாக ஒரு கேக். கல்லறை பளபளவென்று புது வெள்ளை. மகன் குனிந்து சிலுவையைத் தொட்டார். அவர் உள்ளங்கை அளவுக்குப் பெயின்ட் அப்படியே தோலாகப் பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. உள்ளே ஈரச் சிமென்ட், அதன்மேல் வெள்ளையாகப் பூத்த மாவு. பெயின்ட் அடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லையாம். எண்ணெய்ப் பெயின்ட், நல்ல விலை. அந்த மனிதர் அந்தத் தோலை எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். இது ஏன் இப்படி ஆகிறது? வீட்டுச் சுவரில் அதே பெயின்ட் பல வருஷம் நிற்கிறதே?

தண்டையார்பேட்டை கொத்தனார்

செல்விம்மா, வீட்டுச் சுவரும் கல்லறையும் ஒண்ணு இல்லம்மா. கல்லறை மண்ணுலயே உக்காந்திருக்கு. ஈரம் கீழ இருந்து ஏறிக்கிட்டே இருக்கும், தடுக்க அடியில ஒண்ணுமே கிடையாது. காசிமேட்டுல அதோட கடல் உப்பும் சேரும். ஈரம் மேல வந்து காத்துல காயும்போது உப்பு வெளியே நின்னுடும், அதான் நீங்க பார்த்த மாவு. எண்ணெய்ப் பெயின்ட் அடிச்சா மேல ஒரு தோல் கட்டிடும். ஈரம் போக வழியில்லாம தோலுக்கு அடியில நிக்கும், உப்பு அங்கேயே பூத்துப் பெயின்ட்டைத் தூக்கிடும். ரெண்டு கோட்டு, மூணு கோட்டுன்னு அடிச்சா இன்னும் பெரிய தோலா வரும், அவ்வளவுதான்.

அடிக்கறதுக்கு முன்னாடி சோதிச்சுப் பாருங்க. ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் கவரை வெட்டி, நாலு பக்கமும் டேப் போட்டு மேடையோட பக்கவாட்டுல ஒட்டிட்டு வந்துடுங்க. மறுநாள் காலையில கவருக்கு உள்பக்கம் முத்து முத்தா தண்ணி நின்னா எண்ணெய்ப் பெயின்ட் பக்கமே போகாதீங்க.

அந்த இடத்துக்குச் சுண்ணாம்புதான். அதுல ஈரம் உள்ளேயும் வரும், வெளியேயும் போகும். ஒரு கல்லறைக்கு, சிலுவையும் சேர்த்து மூணு கோட்டுக்கு, 2 கிலோ கிளிஞ்சல் சுண்ணாம்பு தாராளம். கிலோவுக்கு 5 லிட்டர் தண்ணி. தண்ணிய முதல்ல ஊத்திட்டு அதுல சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமா போடணும், சுண்ணாம்பு மேல தண்ணிய ஊத்தக் கூடாது. கொதிச்சு முகத்துல தெறிக்கும். மண்பானை நல்லது. அலுமினியப் பாத்திரம் வேணவே வேணாம், சுண்ணாம்பு அதை அரிச்சுடும். மூடி போட்ட பிளாஸ்டிக் கேன்ல போட்டா சூட்டுல கேனே வளைஞ்சு போகும். கண்ணுல பட்டா நிறைய தண்ணி விட்டுக் கழுவிக்கிட்டே நேரா கண் ஆஸ்பத்திரிக்குப் போங்க, கசக்காதீங்க.

ஒரு நாள் முழுக்க ஊறட்டும். அப்புறம் பழைய வேட்டித் துணியில வடிகட்டுங்க. 10 லிட்டருக்கு 40 கிராம் வஜ்ரப் பசையை வெந்நீர்ல கரைச்சு ஊத்துங்க, தொட்டா கையில ஒட்டாது. நீலம் ஒரு சிட்டிகை. கூடிப்போச்சுன்னா திட்டுத் திட்டா நீலமா நிக்கும், பார்க்கவே நல்லா இருக்காது.

புது வண்ணை ரவி

அண்ணே சொல்றது பழைய காலத்து வேலை. அந்த வெள்ளை உப்பு போகணும்னா கடையில பாட்டில் ஆசிட் கிடைக்கும், கொஞ்சம் தண்ணி கலந்து தேய்ச்சா ஒரே நிமிஷத்துல நுரைச்சுப் போயிடும். பாத்ரூம் டைல்ஸ்ல எத்தனையோ தடவை பார்த்தது. அப்புறம் பெயின்ட் அடிச்சா நிக்கும்.

தண்டையார்பேட்டை கொத்தனார்

தம்பி, நுரைக்கிறது உண்மை. ஆனா அது நுரைக்கும்போது கரையறது அழுக்கு மட்டும் இல்ல, சிமென்ட்டும் சேர்ந்துதான். மார்பிள் பலகைன்னா ஒரே தடவையில மேல்பளபளப்பு போயி சொரசொரன்னு ஆயிடும், திரும்ப வராது. எழுத்து வெட்டின ஓரமெல்லாம் மழுங்கிடும். சிலுவைக்குள்ள கம்பி போட்டிருப்பாங்க, ஆசிட் உள்ள இறங்கினா கம்பி துருப்பிடிச்சு ஊதி, சிலுவைக் கையிலதான் முதல்ல விரிசல் விடும். அதுவும் இல்லாம ஈரம் வர்ற வழி அப்படியே இருக்கே. இன்னிக்குப் போன உப்பு அடுத்த மாசம் திரும்ப வரும்.

காய்ஞ்ச பிரஷ் போதும். உப்பைத் தண்ணி விட்டுக் கழுவாதீங்க, கரைஞ்சு மறுபடி உள்ளேயே போகும். காய்ஞ்ச பிரஷ்ல தட்டித் தேய்ச்சு, விழுந்த மாவைக் கூட்டி வெளியே எடுத்துட்டுப் போயிடணும். ரெண்டு நாள் விட்டுத் திரும்பப் பூத்தா திரும்பத் தேய்க்கணும். கொஞ்சம் கொஞ்சமா குறையும்.

புது வண்ணை ரவி

மார்பிளுக்கு வேணாம், சரி. சிமென்ட் மேடைக்குத் தண்ணி நிறைய கலந்து பண்ணினா தப்பில்லைன்னுதான் எனக்கு இன்னும் தோணுது.

வியாசர்பாடி மகள்

எங்களுக்குக் கல்லறை கிடையாது. அப்பாவை மூலக்கொத்தளத்தில் எரித்துச் சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டோம். பிறந்தநாளுக்கு வீட்டில் படத்துக்குத்தான் மாலை. அவருக்குப் பிடித்த வஞ்சிரம் வறுவலும் சோறும் வைத்துப் படைப்போம். நட்சத்திரப்படி வைப்பதா, சர்ட்டிபிகேட் தேதிப்படியா என்று சித்தப்பாவோடு ஒவ்வொரு வருஷமும் வாக்குவாதம். நான் கேட்க வந்தது வேறு. இந்த வருஷம் படத்தைத் துடைக்கக் கழற்றியபோது போட்டோ கண்ணாடியோடு ஒட்டியிருந்தது, நெற்றிப் பக்கம். பெயின்ட் மாதிரி இதற்கும் ஏதாவது இருக்கிறதா?

பெரம்பூர் ஸ்டூடியோ

அக்கா, பிய்க்காதீங்க. முகத்தோட மேல்படலம் கண்ணாடியிலேயே தங்கிடும், அதை யாராலும் திரும்ப ஒட்ட முடியாது. சந்தனம், குங்குமத்தைத் தண்ணியில குழைச்சுக் கண்ணாடி மேல வைக்கிறோம் இல்லையா, அந்த ஈரம் ஃப்ரேம் ஓரமா உள்ள இறங்கும். போட்டோ கண்ணாடியைத் தொட்டுக்கிட்டு இருந்தா மேல்படலம் இளகி ஒட்டிக்கும்.

முதல்ல கண்ணாடியோடவே ஒரு காப்பி எடுத்துடுங்க. அறை விளக்கை அணைச்சுட்டு, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டுல விழற மாதிரி வெச்சு, கேமராவுக்குப் பின்னாடி ஒரு கறுப்புத் துணியைப் பிடிக்கச் சொல்லுங்க. கண்ணாடியில பிரதிபலிப்பு விழாது. அதுல இருந்து புதுப் பிரின்ட் போட்டு அதை மாட்டுங்க, பழசைக் கண்ணாடியோட அப்படியே எடுத்து வெச்சுடுங்க. புது ஃப்ரேம்ல கண்ணாடிக்கும் போட்டோவுக்கும் நடுவுல சுத்தி ஒரு அட்டை ஓரம் வைக்கச் சொல்லுங்க, ஃப்ரேம் கடையில மவுன்ட்னு கேட்டா தெரியும். பொட்டை இனிமே கண்ணாடியில வைக்காம ஃப்ரேம் மரத்துல வெச்சாலும் போதும்.

எர்ணாவூர் ஜோசப்

கொத்தனார் அண்ணன் சுண்ணாம்பு கலக்குவதைச் சொன்னார், நாள் கணக்கைச் சொல்லவில்லை. நான் பார்க்கும் சிக்கல் அதுதான். எங்கள் வரிசையில் ஒரு பெரியவரின் பிறந்தநாள் நவம்பர் 20. அந்த வீட்டுப் பிள்ளைகள் நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் அவசரமாக அடித்தார்கள். அன்றிரவே மழை. காலையில் சுண்ணாம்பு பாலாக ஓடிப் பக்கத்துக் கல்லறையின் கறுப்புக் கிரானைட்டில் காய்ந்து நின்றது. பிறந்தநாளன்று மாலை போட்டபோது மேடையில் பாதி சாம்பல் நிறம், கீழே பாசி. பக்கத்துக் குடும்பத்தோடு மனத்தாங்கல் வேறு.

தண்டையார்பேட்டை கொத்தனார்

ஜோசப் அண்ணே, சுண்ணாம்பு காயறது வேற, இறுகறது வேற. ஈரம் போனா காய்ஞ்ச மாதிரி தெரியும். ஆனா அது காத்தை இழுத்து மெல்லத்தான் கல்லா மாறும். அதுக்குள்ள மழை அடிச்சா ஓடிடும்.

அந்த நவம்பர் 20ஐயே எடுத்துக்குவோம். செப்டம்பர் கடைசியில பழைய பெயின்ட்டைச் சுரண்டி, உப்பைத் தேய்ச்சு எடுத்து, விரிசலைப் பூசிடுங்க. பூச்சு வேலைன்னா தோட்டத்து ஆபீஸ்ல முதல்லயே கேட்டுடணும். அக்டோபர் தொடக்கத்துல வெயில் அடிக்கிற நாளாப் பார்த்து நாளுக்கு ஒரு கோட்டு, மூணு நாள். காலையில ஏழு மணி வாக்குல அடிங்க. மேடையை முதல்ல தண்ணி தெளிச்சு நனைச்சுக்கணும், காய்ஞ்ச சிமென்ட்ல அடிச்சா தண்ணியை உறிஞ்சிட்டு வெறும் மாவுதான் மேல நிக்கும். முதல் கோட்டு மேலிருந்து கீழ, அடுத்தது குறுக்க, மூணாவது திரும்ப மேலிருந்து கீழ. உச்சி வெயில்ல அடிச்சா பிடிக்கறதுக்கு முன்னாடியே காய்ஞ்சுடும், சட்டையில ஒட்டும்.

இன்னொண்ணு. அடிக்கும்போது வெறும் தண்ணி மாதிரிதான் தெரியும், காய்ஞ்சாதான் வெள்ளை வரும். அது தெரியாம நிறைய பேரு இன்னும் சுண்ணாம்பைக் கொட்டிக் கெட்டியாக்கிடறாங்க. கெட்டியா அடிச்சா காயும்போதே வெடிச்சு உதிரும்.

நவம்பர் 2க்குக் கூட்டிப் பெருக்கிப் பூ வெச்சா போதும். 18, 19 தேதியில வானம் தெளிவா இருந்தா நீர்க்க ஒரு கோட்டு. மழை இருந்தா விட்டுடுங்க, பாசியை மட்டும் மெத்து பிரஷ்ல தண்ணி விட்டுத் தேய்ங்க. தார்ப்பாய் போட்டு மூடறவங்க கல்லறை மேல அப்படியே போர்த்தாம, நாலு கழி நட்டுத் தூக்கிக் கட்டணும். ஒட்டிப் போர்த்தினா புழுங்கிப் பாசிதான் ஏறும். பக்கத்துக் கிரானைட்டுக்கு முன்கூட்டியே பழைய துணியை விரிச்சு வைங்க.

காலடிப்பேட்டை மேரி ஆன்ட்டி

பிள்ளைகளா, பெயின்ட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். வேலையெல்லாம் சரியாக முடிந்த பிறகு பிறந்தநாளன்று கெடுப்பது மெழுகுவர்த்திதான். நேராகப் பலகைமேல் நட்டுவிடுகிறார்கள். உருகி எழுத்துக்குள் ஓடி இறுகினதும் கத்தியால் சுரண்டுகிறார்கள், தங்கப் பெயின்ட் மெழுகோடு சேர்ந்து பெயர்ந்து வருகிறது. மெழுகை ஆறவிட்டு, பழைய ஏடிஎம் கார்டு மாதிரி ஒன்றால் நெம்பினால் தானே கழன்றுவிடும். வெந்நீர் ஊற்றவே கூடாது, உருகி மார்பிளுக்குள் இறங்கி எண்ணெய்க் கறையாக நிற்கும். ஒரு தகர டப்பாவில் பாதி மணல் போட்டு அதில் நட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை, டப்பா விளிம்பு காற்றையும் தடுக்கும். மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறிவிடும், ஒரு திரி நிற்காது. பத்து மணிக்குள் ஜெபம் முடித்துவிடுங்கள்.

எழுத்து மங்கியிருந்தால் பல் பிரஷால் பள்ளத்தைத் துடைத்துக் காயவிட்டு, மெல்லிய பிரஷால் தங்கப் பெயின்ட்டை நிரப்புங்கள். வெளியே வழிந்ததை உடனே டர்பன்டைன் தொட்ட துணியைக் கட்டையில் இறுகச் சுற்றி மேலாகத் துடைத்துவிடுங்கள். துணி தொளதொளவென்று இருந்தால் பள்ளத்தில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு வந்துவிடும். இது கறுப்புக் கிரானைட்டுக்கு. வெள்ளை மார்பிளில் வழியவே விடக் கூடாது, மஞ்சளாகக் கறை பிடித்துவிடும்.

இறந்த நாளுக்குப் பூசை வைத்தால் போதாதா, பிறந்தநாளுக்கு எதற்கு என்று என் சம்பந்தி வீட்டில் கேட்பார்கள். பிறந்ததால்தானே நமக்குக் கிடைத்தார்கள் என்பது என் பதில். அவர்கள் ஒத்துக்கொண்டதில்லை.

ராயபுரம் செல்வி

எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டேன். அந்த மகனை அடுத்த ஞாயிறு பார்க்க வாய்ப்பிருக்கிறது. ஒன்று மட்டும் பாக்கி, கொத்தனார் அண்ணா. அந்தச் சிலுவையில் பாதி எண்ணெய்ப் பெயின்ட் இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன்மேலேயே சுண்ணாம்பு அடிக்கலாமா?

தண்டையார்பேட்டை கொத்தனார்

பிடிக்காதும்மா, முதல் மழையில வழுக்கிட்டு வந்துடும். சுரண்டித்தான் ஆகணும். சூடு காட்டிச் சுரண்டறவங்க இருக்காங்க, பழைய பூச்சு வெடிச்சுடுமோன்னு எனக்குப் பயம், நான் கையாலதான் செய்வேன். தட்டையான சுரண்டியைச் சாய்ச்சுப் பிடிச்சு, தூக்கி நிக்கிற ஓரத்துல இருந்து ஆரம்பிக்கணும். சிலுவையோட உள்மூலையில குத்தாதீங்க, அங்கதான் பூச்சு மெல்லிசா இருக்கும்.

புது வண்ணை ரவி

பெயின்ட் ரிமூவர் போட்டா சுலபமாச்சே அண்ணே?

தண்டையார்பேட்டை கொத்தனார்

பெயின்ட் இளகும், மறுக்கல. ஆனா அந்த மருந்து சிமென்ட்டுல ஊறி நின்னா அதுக்கு மேல சுண்ணாம்பு பிடிக்குதான்னு முதல்ல பார்க்கணும். பின்பக்கம் அடியில, ஒரு கையகல இடத்துல போட்டுக் கழுவி, சுண்ணாம்பு அடிச்சு ஒரு வாரம் விட்டுப் பாரு தம்பி. நின்னுச்சுன்னா வந்து சொல்லு.