‘உள்ளமை ஒன்றே’ என்னும் வஹ்ததுல் வுஜூத் கொள்கையை நீங்கள் முதலில் எங்கே சந்தித்தீர்கள்?

ஓலைச்சுவடி:
நான் சந்தித்தது மறுப்பாளர் ஒருவர் வழியாக. இப்னு தைமிய்யா (1263–1328), ஷைகு நஸ்ர் அல்மன்பிஜிக்கு எழுதிய கடிதத்தை உஸ்தாது எங்களுக்கு வரிவரியாகப் பாடம் எடுத்தார். இந்தக் கொள்கையோடு சேர்த்துப் பேசப்படும் சூஃபி இப்னு அரபியின் ‘ஃபுதூஹாத்’ நூலில் பல நல்ல விஷயங்களைக் கண்டு, அவர்மீது முன்பு நல்லெண்ணம் வைத்திருந்ததாக இப்னு தைமிய்யாவே அதில் எழுதுகிறார். இப்னு அரபியின் ‘ஃபுஸூஸ்’ நூலைப் படித்த பிறகுதான் எதிர்ப்பு வருகிறது. அப்போதும், இந்தக் கொள்கைக்காரர்களில் இஸ்லாத்துக்கு மிக அருகில் இருப்பவர் இப்னு அரபிதான் என்கிறார்.

இப்னு தைமிய்யாவின் வாதங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இது: ‘மனிதன்’ என்ற பொதுமை நம் மனத்தில்தான் இருக்கிறது, தெருவில் நடப்பவர் யாரோ ஒரு குறிப்பிட்ட ஆள். ‘உள்ளமை’யும் அப்படியே. வெளியில் இருப்பது இந்தக் கல்லின் உள்ளமை, அந்த மரத்தின் உள்ளமை. அப்படியானால் இறைவனை ‘எந்த வரையறையும் இல்லாத உள்ளமை’ என்று சொல்வது, அவனை வெறும் மனக்கருத்தாக்கிவிடாதா?

கடலோரம்:
எங்கள் பள்ளி பயானில் கேட்டது வேறு. இப்னு அரபி ‘எல்லாம் அல்லாஹ்’ என்றார். அவரை இந்திய சூஃபி ஷைகு அஹ்மத் ஸிர்ஹிந்தி அடியோடு ஒதுக்கிவிட்டார் என்றார்கள்.

ஓலைச்சுவடி:
ஸிர்ஹிந்தி மறுத்தது சரி, ஒதுக்கவில்லை. கொள்கையில் தவறு கண்டாலும், இறைவனிடம் ஏற்கப்பட்டவர்களில் ஒருவராகவே இப்னு அரபியைத் தம் கடிதத் தொகுப்பான மக்தூபாத்தில் குறிப்பிடுகிறார். அப்புறம் அந்த ‘எல்லாம் அல்லாஹ்’. கல்லே இறைவன் என்று இப்னு அரபி சொல்லவில்லை. கல்லுக்கென்று சொந்தமாக உள்ளமை கிடையாது என்கிறார். ‘அவன், அவன் அல்ல’ என்று இரண்டையும் சேர்த்தே சொல்வார். ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால் அது வேறு மதமாகிவிடும்.

பிறைநிலா:
என் கதை கொஞ்சம் வேறு. திக்ரு மஜ்லிஸில் ஒருமுறை ‘நான்’ என்ற நினைப்பே போய்விட்டது. வேறு எதுவுமே இல்லை என்று அவ்வளவு உறுதியாகத் தெரிந்தது. இப்னு அரபி சொன்னது இதைத்தானே?

ஓலைச்சுவடி:
சகோதரி, அந்த நிலையை ஸிர்ஹிந்தியும் மறுக்கவில்லை, அவரே அதைக் கடந்து வந்ததாக எழுதியிருக்கிறார். பகலில் சூரியன் மட்டும் தெரிகிறது, அதனால் நட்சத்திரங்கள் இல்லை என்றாகுமா என்பது அவர் கேள்வி. பார்வையில் ஒன்றே நின்றது, அவ்வளவுதான். உள்ளதே ஒன்றுதான் என்று அதிலிருந்து முடிவு கட்டக் கூடாது என்கிறார். உங்கள் அனுபவத்தை வைத்து இரண்டு பக்கமும் பேசலாம்.

கடலோரம்:
சரி, அந்த மனக்கருத்து வாதத்துக்கு இப்னு அரபி பக்கத்தில் பதிலே இல்லையா?

ஓலைச்சுவடி:
இருக்கிறது. ‘வரையறையற்ற’ என்றால் ‘பொதுவான’ என்று பொருளில்லை, பொதுமை என்ற வரையறையும்கூட அதற்கு இல்லை என்பார்கள். டமாஸ்கஸின் அப்துல் கனி நாபுலுஸி (1641–1731) இதை விரிவாக வாதிட்டவர். நுட்பமான பதில்தான். ஆனால் அப்படி ஒன்று மனத்துக்கு வெளியே உண்டு என்பதை வாதத்தால் நிறுவ முடியுமா, கஷ்ஃப் என்னும் அகத்திறப்பை நம்பித்தான் ஏற்க வேண்டுமா? எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நாபுலுஸியை உஸ்தாதிடம் ஓதியவர்கள் இருந்தால் எழுதுங்கள்.